பட்டியலுக்குள் ஏழு சமக்குறிகள்

ஸ்கூடாயில் எங்கள் ஆபீஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாலையில் ஜாம் கட்டுவதற்குள் அன்றைய வேலையை, எல்லாருடைய மாற்றங்களையும் சேர்த்துவைக்கும் கிட் என்ற மென்பொருளில் ஏற்றிவிட்டு, ஐந்து மணிக்குள் காரை எடுத்துவிடுவோம். ஐந்தைத் தாண்டினால் வீடு போய்ச் சேர ஏழாகும். அந்த அவசரம் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிப்போகும் வேன்களுக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். யாரை, எங்கே, எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பில் இருக்கும். தினமும் பதினொன்றரைக்கு அது டிரைவர்களின் போனுக்குப் போகும்.

அன்று காலை பத்தேகாலுக்கு ஒரு புதுப் பெயரைச் சேர்க்க அந்தக் கோப்பைத் திறந்தேன். நடுவில் ஏழு இடது அம்புக்குறிகள். சில வரி கீழே ஏழு சமக்குறிகள். அதற்கும் கீழே ஏழு வலது அம்புக்குறிகள். ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றியிருந்தால், எது சரி என்று கிட்டுக்குத் தெரியாது. இரண்டையும் இப்படிக் குறிபோட்டு வைத்து நம்மிடம் விட்டுவிடும். யாரோ அதைத் தீர்க்காமலே ஏற்றியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். பக்கத்து மேஜைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வருகிறவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள்.

"என்ன வேலை இது? கண்ணத் தொறந்து பாக்க மாட்டீங்களா?"

அவர் கோப்பின் மாற்ற வரலாற்றைத் திறந்து காட்டினார். அவர் மாற்றத்தையும் என் மாற்றத்தையும் இணைத்தது நான். நேற்று, நாலு ஐம்பத்திரண்டுக்கு. மோதல் மூன்று இடத்தில் இருந்திருக்கிறது. மேலே இரண்டைத் தீர்த்தவள், கீழே இருந்த மூன்றாவதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிவிட்டேன். சேர்த்துவிட்டால் தீர்த்தாயிற்று என்று கிட் நம்பிவிடும். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அலமாக், விடுங்க லா. அந்த மூணு குறி வரிய அழிச்சிட்டா ஓடிரும்," என்றார்.

ஓடும்தான். இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதுதான் பயம். புரியாத வரிகளை எங்கள் நிரல் சத்தமில்லாமல் தாண்டிவிடும். ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் கடைசி வரியை எடுத்துக்கொள்ளும். இங்கே இரண்டு முறை வந்திருந்தவர் காஹாங்கில் இருக்கும் ஒரு பெரியவர். போன மாதம்தான் அவருக்கு ஒரு காலை வெட்டி எடுத்தார்கள். கடைசி வரி அவரைப் பழைய இடத்துக்கு, கடைத்தெருவுக்கு வரச் சொன்னது.

"அப்ப மேல உள்ளத, உங்க வரியவே வெச்சுக்குங்க."

இல்லை என்றேன். இந்த முறை வாயை அடக்கி, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தொடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நாங்கள் இருவரும் கை வைப்பதற்கு முன் அந்த வரி எப்படி இருந்தது என்று எடுத்துப் பார்த்தேன். கடைத்தெரு, ஒன்று பத்து. நான் இடத்தை மட்டும் வீட்டு வாசல் என்று மாற்றியிருந்தேன். அவர் நேரத்தை மட்டும் பன்னிரண்டு நாற்பது ஆக்கியிருந்தார்.

"நேரத்த ஏன் மாத்துனீங்க?"

"சென்டர்ல அரை மணி முன்னாடி ஆக்கிட்டாங்க. லேட்டா போனா மிஷின வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

ஆக, இரண்டு பேரும் சரி. ஒரு பக்கத்தை மட்டும் வைத்தால்தான் தப்பு. வாசல், பன்னிரண்டு நாற்பது என்று ஒரே வரியாக எழுதினேன். குறிகளை அழித்தேன். வேறு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று எல்லாக் கோப்பிலும் தேடினேன். பட்டியலைத் தனியாக ஓட்டி, அவர் பெயர் ஒரே ஒரு முறை வருவதைப் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரரை உட்காரவைத்து வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், கொஞ்சம் முணுமுணுப்பாகத்தான். பதினொன்று இருபதுக்கு ஏற்றினோம்.

அதோடு விடவில்லை. இனி யார் கோப்பிலாவது அந்தக் குறிகள் இருந்தால் கிட்டில் பதிவே ஆகாதபடி எல்லாருடைய கணினியிலும் ஒரு சோதனையைப் போட்டேன். முதலில் என்னுடையதில்.

ஒன்றரைக்கு வேன் டிரைவர் கூப்பிட்டார்.

"அக்கா, அங்கிள எறக்கி விட்டாச்சு. பதினோரு மணிலேருந்தே வாசல்ல நாக்காலி போட்டு உக்காந்திருந்தாராம். சீக்கிரமே வந்துட்டீங்களேன்னு கேட்டா, 'நேத்து ஒரு பொண்ணு போன் பண்ணி, நீங்க நடக்க வேணாம், வேன் வாசலுக்கே வரும்னு சொல்லிச்சு'ன்னாரு."

அந்தப் பெண் நான்தான். நேற்று நாலரைக்கு அவரிடம் அப்படிச் சொல்லி போனை வைத்துவிட்டுத்தான், ஜாமுக்கு பயந்து அந்த இணைப்பைச் செய்தேன்.