ஜன்னல் பக்கத்துக் கடைசித் தூண்

என் தங்கையை நான் எப்போதும் முதலில் போடச் சொல்வேன். "நீயே முதல்ல போடு" என்று சொல்லும்போது என் முகத்தில் ஒரு பெருந்தன்மை வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பாகூட அதை நம்பினார். உண்மையில் அது பச்சைத் திருட்டுத்தனம்.

சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா கொண்டுவந்த கனெக்ட் ஃபோர் அது. நீல நிறப் பிளாஸ்டிக் சட்டம் செங்குத்தாக நிற்கும். ஏழு தூண்கள், ஒவ்வொரு தூணிலும் ஆறு ஓட்டைகள். மேலேயிருந்து வட்டப் பில்லையைப் போட்டால் அடியில் போய் உட்காரும். அடுத்த பில்லை அதன் தலைமேல். அவளுக்குச் சிவப்பு, எனக்கு மஞ்சள். நேராகவோ குறுக்காகவோ நான்கு சேர்த்தவர் ஜெயித்தார்.

அம்மா போன பிறகு, தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர் வீட்டில் எங்கள் இருவரின் சண்டையும் இந்தச் சட்டத்தின் முன்தான் தீர்ந்தது. ரேஷன் கடைக்கு யார் போவது, தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு யார் ஓடுவது, எல்லாம் ஒரு ஆட்டம்தான். தோற்றவர் செய்ய வேண்டும். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா வைத்த விதி இரண்டு: போட்ட பில்லையை எடுக்கக் கூடாது, ஆட்டத்தைப் பாதியில் விடக் கூடாது. நாங்கள் வேதாகமத்தைவிட ஒழுங்காக அதைக் கடைப்பிடித்தோம்.

பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். காரணம் அந்த "நீயே முதல்ல போடு"தான். முதலில் போடுகிறவள் ஒரு தூணில் போட்டால், அவசரமாகத் தடுக்க வேண்டியது எதுவும் இல்லாதபோது, நான் அதே தூணில் அவள் தலைமேலேயே போடுவேன். ஒன்று, மூன்று, ஐந்தாம் அடுக்குகள் அவளுக்கு. இரண்டு, நான்கு, ஆறு எனக்கு. நான் சேர்க்கவேண்டிய நான்காவது ஓட்டை ஓர் இரட்டைப்படை அடுக்கில் காலியாக இருந்தால் போதும், அவசரப்பட வேண்டியதில்லை. மற்ற தூண்களெல்லாம் நிறைந்ததும் அவள்தான் அந்தத் தூணில் இறங்க வேண்டும். இறங்கி இறங்கி, கடைசியில் என் ஓட்டைக்கு நேர்கீழே அவளே பில்லை வைப்பாள். ஆடினால் தோல்வி, ஆடாமலும் இருக்க முடியாது. சதுரங்கக்காரர்கள் இதற்கு சுக்ஸ்வாங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. பெயர் தெரியாமலே வருடக்கணக்காக அவளைத் தண்ணீர் தூக்க வைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதே மாதம் எனக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அவளுக்குக் கோத்தகிரியில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் டீச்சர் வேலை. அப்பாவைப் பகலெல்லாம் தனியே விட முடியாது. வேற்று மனுஷி தன்னைக் குளிப்பாட்டுவதை அவர் சகிக்கவில்லை. வைத்த ஆயா இரண்டே நாளில் அழுதுகொண்டு போனாள். யாராவது ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும். ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அவள் சட்டத்தை எடுத்து, அப்பா படுத்திருந்த கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் வைத்தாள்.

"ஆடிப் பாத்துடலாம்க்கா."

எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. "நீயே முதல்ல போடு" என்றேன்.

நான்காம் அடுக்கில் ஒரு வரிசை சேர்க்க நான் பாடுபட்டேன். அவள் அதைத் தடுத்துவிட்டாள். அந்த மும்முரத்தில் கீழே மூன்றாம் அடுக்கைக் கவனிக்காமல் விட்டேன். பார்க்கும்போது அதில் மூன்று சிவப்பு பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரு முனையில் என் மஞ்சள் இருந்தது. மறுமுனை ஜன்னல் பக்கத்துக் கடைசித் தூண். அதில் ஒரு பில்லைகூட விழுந்திருக்கவில்லை.

பார்த்தவர்கள் அதிலென்ன ஆபத்து என்பார்கள். நான் அடுக்குகளை எண்ணினேன். அவளுக்கு வேண்டிய ஓட்டை மூன்றாவது அடுக்கில், ஒற்றைப்படையில். மற்ற ஆறு தூண்களும் நிறைய முப்பத்தாறு பில்லை. முதலில் போட்டவள் அவள், அதனால் அடுத்த முறையும் அவளுடையது. அவள் அடியில் போடுவாள், இரண்டாவதில் நான் போட்டே ஆக வேண்டும், மூன்றாவது அவளுக்கு. அடிப்பில்லையை நானே முன்கூட்டிப் போட்டாலும் கணக்கு மாறாது. மற்றவை நிறையும்போது முறை என்னிடம் வந்து நிற்கும். எனக்கென்று இரட்டைப்படையில் வேறு எதுவும் இல்லை. பாதி ஆட்டம்கூட முடியவில்லை, நான் முடிந்துவிட்டேன்.

ஒரே ஒரு வழி இருந்தது. என்னைப் பார்த்துப் பார்த்து, அவளும் அந்த நாட்களில் தலைமேல் போடப் பழகியிருந்தாள். ஜன்னல் தூணின் அடியில் நான் போட்டேன். பழக்கதோஷத்தில் அவள் அதன்மேல் போட்டால், மூன்றாவது ஓட்டையை நான் அடைத்துவிடலாம். அப்புறம் ஆட்டம் யார் பக்கமும் போகலாம்.

அவள் கை அந்தத் தூணின்மேல் வந்தது. பில்லை விளிம்பில் நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சட்டத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு கையை நகர்த்தி நடுத்தூணில் போட்டாள்.

அதற்குமேல் ஆடியதெல்லாம் வெறும் சடங்கு. தெரிந்தே தோற்பதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது. டக், டக் என்று தூண்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. மறைமலை நகர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் என்னை நானே எத்தனை முறை உட்கார வைத்துப் பார்த்திருந்தேன். கடைசியில் ஜன்னல் தூண் மட்டும் திறந்திருந்தது. முறை என்னுடையது. இரண்டாவது அடுக்கில் என் மஞ்சளைப் போட்டேன்.

அவள் போடவில்லை. கையில் சிவப்பை வைத்துக்கொண்டு ஆறு தூண்களின் தலையையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் அடைத்திருந்தன. அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"வேற இடமே இல்லையேக்கா."

"போடு" என்றேன்.

போட்டாள். நான்கு சிவப்பு.

"யாரு?" என்று அப்பா குழறினார். கட்டிலிலிருந்து அவருக்கு நிறம் சரியாகத் தெரியவில்லை.

"நான்தாம்ப்பா இருக்கேன்" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு நிம்மதியா வெட்கமா என்று நான் கேட்கவில்லை. டைப்பிஸ்ட் வேலைக்கான கடிதத்தைப் பிறகு அலமாரித் தட்டில் விரிப்பாகப் போட்டுவிட்டேன்.

அப்பா இன்னும் ஒன்பது வருடம் இருந்தார். அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டி முடித்தபோது எனக்கு வேலை கொடுக்கும் வயதும் கல்யாண வயதும் போய்விட்டிருந்தன. அவளுக்கு மலையில் நல்ல வாழ்க்கை. வருடத்தில் ஒரு தடவை வருவாள், ஸ்வெட்டர் வாங்கிவருவாள். தாம்பரத்தில் யார் ஸ்வெட்டர் போடுகிறார்கள்?

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலை, சமையலறையில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "அன்னைக்கு எனக்கு வேற இடமே இல்லக்கா. உனக்கே தெரியும்ல" என்றாள்.

"தெரியும்டி" என்றேன்.

கடைசியில் அவளுக்கு வேறு இடம் இல்லை என்பது நிஜம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை இருந்தது. என் மஞ்சளின் தலைமேல், அவள் கை விளிம்பில் நின்ற அந்த இடம். அதை நான் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால், எத்தனை வருடம், எதற்காக அவளை முதலில் போடவைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.