நில்வ என்றால் நிலுவை

செக்கு என்ற காகிதத்தைப் பார்த்து நான் வாய் பிளந்தது முப்பது வயதில். நாராயணவனத்து நெசவாளர் சங்கத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தவன்தான் நான். ஆனாலும் செக்கை எழுதி நூல் வியாபாரியின் கையில் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்றே அதுவரை நினைத்திருந்தேன். திருப்பதியில் கூட்டுறவு இலாகா நடத்திய பயிற்சி வகுப்பில்தான் அது முடியவில்லை என்று தெரிந்தது. நான் எழுதிய அன்றே என் ரொக்கப் புத்தகத்தில் பணம் போய்விடுகிறது. வியாபாரியோ செக்கைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பேங்கு பக்கமே போகாமல் இருக்கலாம். அதுவரை பேங்கின் பாஸ்புக்கில் அந்தப் பணம் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரு புத்தகத்தில் போய்விட்டது, இன்னொன்றில் இருக்கிறது, இரண்டும் பொய்யில்லை. அன்று அறைக்குத் திரும்பும் வழியில் மலையைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பேங்கு சொல்லும் தொகையிலிருந்து நம் புத்தகத்துத் தொகைக்கு வர, கொடுத்தும் பேங்குக்கு வந்து சேராத செக்குகளைக் கழிக்க வேண்டும். பேங்குக்கு நாம் கடன்பட்டிருந்தால் கணக்கு தலைகீழ். அந்தச் செக்குகள் வந்து சேரும்போது கடன் ஏறும், ஆகவே கூட்ட வேண்டும். எங்கள் வாத்தியார் குண்டூர்க்காரர், பொறுமைசாலி. பாடம் நடத்தும்போது இருப்புக்குப் பேலன்ஸ், கடனுக்கு ஓவர்டிராஃப்ட் என்று இங்கிலீஷ் சொற்களையே சொல்வார். எங்களுக்கும் அது பழகிப் போயிருந்தது.

ஆந்திரா தனி மாகாணமாகிச் சில காலம் ஆகியிருந்தது. எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம். மற்றவர்கள் எங்களை 'அரவ பேட்ச்', அதாவது தமிழ்க் கோஷ்டி, என்பார்கள். கேலிதான், ஆனால் எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். தெலுங்கு எங்களுக்குத் தெரியாததா? சந்தையில், பஸ்ஸில், கோர்ட்டில் எல்லாம் அதில்தான் சண்டையே போடுவோம்.

எங்கள் ஐவரில் ஒருத்தர் பெண். வரதய்யபாளையம் பக்கத்து மிஷன் சபையைச் சேர்ந்தவர், நாங்கள் அக்கா என்போம். கணவர் சங்கக் குமாஸ்தாவாக இருந்து இறந்துபோக, அந்த வேலையை இவருக்குத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் போய் நிற்க வேண்டும். அந்த அண்ணியைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததிலேயே எங்களுக்கு விளங்கியது.

பரீட்சையன்று வாத்தியார் கேள்விகளைத் தெலுங்கில் வாசித்தார். இனி அப்படித்தான் என்று மேலிடத்து உத்தரவாம். பாஸ்புக் 'நில்வ' எண்ணூற்று ஐம்பது ரூபாய். கொடுத்து, இன்னும் பேங்குக்கு வராத செக்குகள் இருநூறு ரூபாய். ரொக்கப் புத்தகத்து 'நில்வ' எவ்வளவு? இவ்வளவுதான் கேள்வி. எனக்கு அது அல்வா சாப்பிடுவது போல இருந்தது.

மறுநாள் எங்கள் ஐந்து பேரையும் தனியாக நிற்க வைத்தார்கள். சரியான விடை அறுநூற்று ஐம்பது. நாங்கள் ஐவரும் ஆயிரத்து ஐம்பது என்று எழுதியிருந்தோம். கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறோம், அதுவும் ஐவருமே. அக்கா முன் பெஞ்சு, நாங்கள் நால்வரும் அவருக்குப் பின்னால். யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்பதற்குச் சாட்சி வேறு வேண்டுமா? பின்னால் யாரோ சிரித்தார்கள். விடையைக் காட்டியவர் என்று அக்காவின் பெயரை மேலிடத்துக்கு எழுதி அனுப்பினால் அத்தோடு அவர் வேலை போச்சு. நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"அவங்க யாருக்கும் காட்டல சார். நான் தனியாத்தான் எயுதினேன்" என்றேன்.

வாத்தியார் சாக்பீஸை அக்காவிடம் நீட்டி, கணக்கைப் போர்டில் போடச் சொன்னார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிதானமாக எழுதினார். எண்ணூற்று ஐம்பது, கூட்டு இருநூறு.

"ஏன் கூட்டுகிறீர்கள்?" என்று தெலுங்கில் கேட்டார் வாத்தியார்.

"நிலுவைதானே சார்? பேங்குக்கு நாம கட்ட வேண்டியது. செக்கு போய்ச் சேந்தா நிலுவை ஏறும். அதான் கூட்டினேன்."

"கட்ட வேண்டியதா? நில்வ என்றால் கையில் இருப்பது, அம்மா."

"எங்க ஊர்ல நிலுவைன்னா பாக்கி சார். கிஸ்தி நிலுவைன்னுதான் கிராம முன்சீப்பு வந்து கதவத் தட்டுவாரு."

வாத்தியார் போர்டுக்கு அருகில் போய் அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவின் கணக்குக்கு மேலே 'ஓவர்டிராஃப்ட்' என்று எழுதினார். எழுதியதும் விடை சரியாகிவிட்டது. எண் ஒன்றையும் அவர் தொடவில்லை. ஒரே சொல், அவர் வாயிலிருந்து இருப்பாகப் புறப்பட்டு எங்கள் காதுக்குள் கடனாக வந்து இறங்கியிருக்கிறது. அவர் கேட்டதும் தப்பில்லை, நாங்கள் போட்டதும் தப்பில்லை. ஐவரும் தனித்தனியே அந்த ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறோம். இத்தனை வருஷம் தெலுங்கில் சண்டை போட்டவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று திகைத்து நின்றேன்.

காப்பியடித்ததாக எழுதிய காகிதத்தை வாத்தியார் எங்கள் எதிரிலேயே கிழித்தார். எங்கள் ஐவருக்கும் அந்தக் கேள்விக்குப் பதிலாக வேறொரு கேள்வி கொடுத்தார். இந்தத் தடவை 'பேங்கில் இருக்கும் நம் பணம்' என்று தமிழிலேயே தட்டுத்தடுமாறிச் சொன்னார். அக்கா மூச்சு விடாமல் கழித்து, விடையை எழுதி, தாளை நீட்டினார். வாத்தியார் பார்த்துச் சரி போட்டார். பாஸ்.

எங்களை அனுப்புவதற்கு முன் அவருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. கோபமில்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். சொல் குழப்பியது சரி, ஆனால் பேங்கில் இருப்பது நம் பணமாக இருக்கலாமே என்று ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா?

அக்காதான் சொன்னார்.

"நூலு வாங்கக் கடன் குடுக்கற எடம்தான் சார் எங்களுக்குப் பேங்கு. எங்க வீட்டுக்காரர் காலத்துலேந்து மாசா மாசம் கூட்டித்தான் எயுதிக்கினு வரோம். ஒரு மாசம்கூட கயிக்கற வேல வந்ததில்ல சார்."