அஷ்டமியில் போகாத தபால்

ராயபுரத்தில் சிவந்தியின் வெங்காய மண்டியில் கப்பல் காகிதம் பார்த்தே வேதமாணிக்கத்துக்குத் தலை நரைத்தது. பினாங்குக்குச் சரக்கு ஏறியதும் அங்குள்ள வியாபாரிக்குக் கடிதம் தட்டச்சடிப்பார்: கப்பலின் பெயர், ஏற்றுச்சீட்டு எண், மூட்டைக் குறி, போய்ச் சேரும் நாள். கூடவே, அசல் சீட்டைக் கப்பல் ஏஜெண்டிடம் கொடுத்து டெலிவரி ஆர்டர் வாங்குங்கள், விலைப்பட்டியலைச் சுங்கத்தில் காட்டி, சோதனை முடிந்ததும் சரக்கை எடுங்கள் என்றும் எழுதி, சீட்டையும் பட்டியலையும் உறையில் வைப்பார்.

அந்த முறை கப்பல் கிளம்பிய மறுநாள் அஷ்டமி.

"இன்னிக்கி அனுப்பாதேயும், வே. நாளைக்கி நவமி. அதுவும் கழியட்டும்," என்றார் சிவந்தி.

"மொதலாளி, இன்னிக்கி விமானத் தபாலை விட்டா அடுத்த வாரந்தான். சீட்டு இல்லாம அங்க மூட்டையத் தொட விடமாட்டான். வெங்காயம் தாங்குமா?"

"ஒமக்குக் கர்த்தர் இருக்காரு. எனக்கு நாளு பாக்கணும்."

கப்பலா நாள் பார்க்கும்? அது போய்க்கொண்டிருந்தது. உறை அடுத்த வாரத் தபால்வரை மேசையில் கிடந்தது.

பினாங்கிலிருந்து தந்தி வந்தது. காகிதம் வருமுன் கிடங்கிலேயே வெங்காயம் அழுகிவிட்டதாம். கடலில் கொட்டச் சொல்லிவிட்டார்களாம். இனி உங்கள் சரக்கே வேண்டாமாம்.

வேதமாணிக்கம் வாசித்துக் காட்டினார். சிவந்தி பெருமூச்சு விட்டார்.

"நல்லவேள, வே. அஷ்டமில அனுப்பியிருந்தா இன்னும் என்னவெல்லாம் ஆயிருக்குமோ!"