“முடியல” என்று ஒரு பதில்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் கேள்வி போடுவேன். ஐந்து மணிக்குள் சென்னையில் இருக்கும் மேலாளருக்கு வார அறிக்கை மெயிலில் போக வேண்டும். திருச்சி கே.கே. நகரில் இரண்டே அறைகள் கொண்ட அலுவலகம் எங்களுடையது. விவசாயிகளின் வயல்களில் மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் வேலை. பச்சைமலைக்கு ஒருவர், தொட்டியத்துக்கு ஒரு பெண், மேசையில் நான்.

இருவரும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பதில் போடுகிறவர்கள். “18 ஓவர்.” “பை இல்ல.” “லேப் ரிசல்ட் தரல.” முதல் வாரம் இப்படி வந்தவற்றை அப்படியே வரிசையாக ஒட்டி அனுப்பிவிட்டேன். மேலாளர் மேடம் உடனே போனில் கூப்பிட்டார்.

“என்னம்மா, இது மெயிலா, சண்டையா? யாரு எதச் சொல்றாங்கன்னே புரியல.”

அதன்பின் எல்லாவற்றையும் ஒரே நடையில் எழுதப் பழகினேன். “18 ஓவர்” என்பது “தொட்டியம் பகுதியில் பதினெட்டு வாழைத் தோட்டங்களில் மாதிரி சேகரிப்பு நிறைவடைந்தது” என்றானது. “பை இல்ல” என்பதை “மாதிரிப் பைகளின் இருப்பு குறைவாக உள்ளது” என்று பூசி மெழுகினேன். ஒன்றுக்கொன்று முட்டாத வாக்கியங்கள். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார்ந்து, அனுப்பிய மெயிலை மறுபடி படித்துப் பார்த்து மகிழ்கிற அளவுக்கு எனக்கு அதில் பெருமை.

ஆறாவது வாரமோ ஏழாவதோ, “மலையில் மீதி நாலு ஊரு என்னாச்சு அண்ணே? மாதிரி எப்ப வரும்?” என்று கேட்டிருந்தேன். நாலே முக்காலுக்குப் பதில் வந்தது: “முடியல.”

நான் யோசிக்கவே இல்லை. “பச்சைமலையில் மீதமுள்ள நான்கு ஊர்களில் பணி நிறைவடையவில்லை. அடுத்த வாரம் நிறைவு செய்யப்படும்” என்று எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் என்று அவர் சொல்லவில்லை. வாக்கியம் மொட்டையாக நிற்கிறதே என்று நானே சேர்த்தது.

திங்கள் காலை பச்சைமலைக்காரர் போன் செய்தார். குரல் கம்மியிருந்தது.

“ஏம்மா, நான் வேலைய முடிக்கலன்னா எழுதுன? மேடம் கூப்பிட்டு ஏன் தாமதம்னு கேக்குறாங்க. நாலு ஊரும் செவ்வாய்க்கெழமயே முடிஞ்சு, மூட்டையாக் கட்டி வீட்ல வெச்சிருக்கேன். எனக்கு காய்ச்சல். எறங்கி வர முடியலன்னுதானே போட்டேன்!”

“மன்னிச்சுக்கங்க அண்ணே. கேட்டிருக்கணும், கேக்கல. நான் இப்பவே மேடம்கிட்ட சொல்றேன்” என்றேன்.

அதற்குள் மேலாளர் பரிசோதனைக்கூடத்தில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த புதன்கிழமையைத் தள்ளிப் போடச் சொல்லியிருந்தார். போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, முன்பு அனுப்பிய மெயிலுக்கு ரிப்ளையாகவே ஒரு திருத்தம் எழுதினேன். நான்கு ஊர்களிலும் பணி செவ்வாயன்றே முடிந்தது, உடல்நலக் குறைவால் மாதிரிகளைக் கொண்டுவர இயலவில்லை, தவறாகப் புரிந்துகொண்டு எழுதியது நான், தேதியும் நானாகச் சேர்த்தது. அலங்காரம் எதுவும் இல்லை. நகலைப் பச்சைமலைக்காரருக்கும் வைத்தேன்.

மேலாளர் கோபப்படவில்லை. “புதன்கிழமைய நான் திரும்பக் கேட்டுப் பாக்குறேன். நீங்க மண்ணக் கொண்டுவர வழியப் பாருங்க” என்றார். பரிசோதனைக்கூடத்தில் அந்த நாளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. மறுநாள் பச்சைமலைக்காரரின் மருமகன் மூட்டைகளோடு மலையிறங்கித் துறையூர் வந்து பஸ் பிடித்தார். சத்திரம் பேருந்து நிலையத்தில் நானே போய் வாங்கிக்கொண்டேன். புதனன்று மண் பரிசோதனைக்குப் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை கேள்வியை இரண்டு மணிக்கே போட்டேன். முடிந்தது எது, மீதி எது, தடை என்ன, மேடமிடம் என்ன வேண்டும் என்று தனித்தனியாக. பதில்கள் வழக்கம்போல வெடுக்கென்றுதான் வந்தன. அதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் வேலை மண் எடுப்பது. சந்தேகமான இடத்தில் மட்டும் போன் போட்டேன்.

“பை இல்லன்னா கொஞ்சமா இருக்கா, சுத்தமா இல்லையா?” என்று தொட்டியம் பெண்ணிடம் கேட்டேன்.

“ஒண்ணுகூட இல்லக்கா. மூணு வாரமா சொல்றேன். கடையில வாங்கித்தான் ஓட்டுறேன்.”

என் மெழுகிய வாக்கியம் மூன்று வாரமாக அவளுடைய தேவையை மறைத்து வைத்திருந்தது. “தொட்டியத்தில் மாதிரிப் பைகள் தீர்ந்துவிட்டன. திங்கட்கிழமைக்குள் ஐம்பது பைகள் அனுப்ப வேண்டுகிறோம்” என்று மெயிலின் முதல் வரியாக வைத்தேன். திங்கட்கிழமை என்பது அவளைக் கேட்டு எழுதியது. அனுப்பும் முன் அவரவர் பகுதியை அவரவருக்குப் போனில் படித்துக் காட்டினேன். பச்சைமலைக்காரர் முழுவதும் கேட்டுவிட்டு, “சரியா இருக்கும்மா, அனுப்பிடு” என்றார். காய்ச்சல் விட்டிருந்தது. தொட்டியம் பெண் சிரித்தாள்.

“அக்கா, நான் இவ்ளோ மரியாதையாவா பேசுனேன்?”

“நீ சொன்னதுதான் எல்லாம். மரியாதை மட்டும் என்னுது.”

நாலரைக்கு அனுப்பிவிட்டேன். ஐந்து மணிக்கு முன்னாலேயே, பைகள் சனிக்கிழமை பார்சலில் வரும் என்று மேலாளரிடமிருந்து பதில் வந்தது. அதைக் குழுவில் போட்டுவிட்டுக் கணினியை அணைத்தேன்.