பீஸ் அதே இடத்தில்தான் இருந்தது

அக்காவின் வயிற்றுக்குள் ஒரு பீஸ் இருந்தது. எறிகணைச் சிதறலை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சிலருக்குத் தோளில், சிலருக்குத் தொடையில். அக்காவுக்கு முள்ளந்தண்டின் ஓரத்தில், சுண்டுவிரல் நகமளவு. சண்டையின் கடைசி மாதங்களில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் வைத்து அவளுடைய வயிற்றை வெட்டி, குடலில் இருந்த ஓட்டைகளைத் தைத்தார்கள். பீஸை எடுக்கவில்லை. எடுக்கப்போனால் கால் இரண்டும் விளங்காமல் போய்விடும் என்று வெட்டிய வைத்தியர் சொன்னாராம். எறிகணை விழுந்தபோது அக்காவின் மடியில் அவளுடைய மகள் படுத்திருந்தாள். மகள் பிழைக்கவில்லை. அத்தான் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

மீளக் குடியேறிய பிறகு அக்கா பூநகரிப் பக்கத்தில் தனியாக இருந்து வயல் செய்தாள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனையிறவில் உப்பு அள்ளினேன், வவுனியாவில் லொறியில் மூட்டை ஏற்றினேன், முல்லைத்தீவில் வலை இழுத்தேன். ஓரிடத்தில் ஒரு வருடம் தாண்டினால் கால் அரிக்கத் தொடங்கிவிடும். இடையிடையே அக்கா வீட்டுக்குப் போவேன். "வந்திட்டார் கவர்னர்" என்பாள். சோறு போடுவாள். போகும்போது திட்டுவாள்.

அவளுக்கு அடிக்கடி வயிற்றில் நோ வரும். அதற்கு அவள் வைத்த பெயர் 'பீஸ் நோ'. வெந்நீர்ப் போத்தலை ஒற்றிக்கொண்டு, மல்லித்தண்ணீர் குடித்துவிட்டு, குந்தியிருப்பாள். சில மணித்தியாலங்களில் போய்விடும். அவளுக்கு மட்டுமல்ல, எனக்கும் அயலுக்கும் அது தெரிந்த வருத்தம். பீஸ் குத்துகிறது என்றால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

கடைசி முறை அவள் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் பளையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ரெண்டு நாளாப் பீஸ் குத்துது. வயலுக்குத் தண்ணி கட்ட ஆளில்லை. ஒருக்கா வந்திட்டுப் போ."

நோவுக்காகக் கூப்பிடவில்லை, தண்ணீருக்காகத்தான் கூப்பிட்டாள். பரந்தனில் பூநகரி பஸ்ஸுக்குக் காத்திருந்து நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் ஆகிவிட்டது. அவள் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்து நிலத்தில் சுருண்டு கிடந்தாள். நோ வந்து வந்து போனது. வரும்போது பல்லைக் கடித்தாள், போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஓங்காளித்துப் பச்சையாகச் சத்தி எடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"இது புதுசே? நீ போய் வாய்க்காலைத் திற."

திறந்தேன். மறுநாள் விடிந்தபோது அவளுடைய வயிறு தோல் மினுங்க வீங்கியிருந்தது. சத்தி இப்போது பழுப்பாகி, மலம் மாதிரி மணத்தது. அந்த மணத்துக்குப் பிறகு நான் அவளைக் கேட்கவில்லை, போய் ஓட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஏறுவதற்கு முன்னால் அவள் அலுமாரியைக் கைகாட்டினாள். உள்ளே, சேலைகளுக்குப் பின்னால், பழைய எக்ஸ்ரே படம் ஒன்று உறையோடு இருந்தது.

"அதை எடுத்துக்கொண்டு வா. இல்லாட்டி பீஸ் எங்கை எங்கை எண்டு தேடி என்னைப் புரட்டிப் புரட்டிப் படம் எடுப்பினம்."

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு பெண் வைத்தியர். எங்கள் இருவரையும் விட வயதில் நன்றாகக் குறைந்தவர். ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து நெடுநேரம் கேட்டார். பழைய வெட்டுத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"அம்மா, கடைசியா எப்ப காத்துப் போனது?"

அக்கா என்னைப் பார்த்தாள். "குமர்ப்பிள்ளை கேக்கிற கேள்வியைப் பார்." பிறகு சொன்னாள், "வெளிக்கும் போகேல்லை, காத்தும் போகேல்லை. நோ துவங்கின அடுத்த நாளிலயிருந்து."

இரண்டு படம் எடுக்கச் சொன்னார்கள். ஒன்று படுக்கவைத்து, மற்றது நிமிர்த்தி. அக்காவால் தனியாக நிற்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுப்பவர் எனக்குப் பாரமான ஈய அங்கி ஒன்றைப் போட்டுவிட்டு, அவளைத் தோளோடு பிடிக்கச் சொன்னார். உடனே எடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் நிக்கட்டும், அண்ணை. தண்ணி கீழ இறங்கி, காத்து மேல வரவேணும். அப்பதான் தெரியும்."

அக்காவின் நெற்றி என் தோளில் இருந்தது. அவளை அவ்வளவு கிட்டத்தில் பிடித்து எத்தனையோ வருடங்கள். அவளில் இன்னும் வயல் சேற்றின் மணம் இருந்தது.

புதிய படங்களை வைத்தியர் சுவரில் இருந்த வெளிச்சப் பெட்டியில் செருகினார். பழைய படத்தையும் வாங்கிப் பக்கத்தில் செருகினார். என் கண் முதலில் போனது பீஸுக்குத்தான். எல்லாப் படத்திலும் அது பளிச்சென்று வெள்ளையாக நின்றது. "உதுதான், டொக்டர்" என்று விரலால் காட்டினேன்.

வைத்தியர் மேசையிலிருந்த பிளாஸ்டர் சுருளில் சிறு துண்டுகளைக் கிழித்து, புதிய படம் இரண்டிலும் பீஸின் மேல் ஒட்டினார். பீஸ் மறைந்தது.

"இப்ப பாருங்கோ."

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. படுத்திருந்து எடுத்த படத்தில் வயிற்றின் நடுவெல்லாம் சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடித்த மாதிரி குடல் வளைவுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நெருக்கமாகக் கோடுகள். அது சிறுகுடலின் மடிப்பு என்றார். சிறுகுடல் இவ்வளவு அகலத்துக்கு ஊதக் கூடாது. ஓரத்தில் ஓடவேண்டிய பெருங்குடலில் காற்று இல்லாத மாதிரியே இருந்தது. நிமிர்த்தி எடுத்த படத்தில் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் மேலே கறுப்பு, கீழே வெள்ளை, நடுவில் தராசு பிடித்த மாதிரி நேர்கோடு. அப்படிப் பல கோடுகள், ஒன்றுக்கொன்று உயரம் மாறி, படிக்கட்டுப் போல.

நான் உப்பளத்தில் வேலை செய்தவன். நின்றுபோன தண்ணீரின் மட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓடுகிற வாய்க்காலில் அப்படி ஒரு கோடு வராது.

"இது குடல் அடைப்பு மாதிரித்தான் கிடக்கு" என்றார் வைத்தியர். "அடைச்ச சாமானைப் படம் காட்டாது. அடைச்சதால குடல் படுற பாட்டைத்தான் காட்டும். அம்மாவுக்கு அந்தக் காலத்தில வெட்டினதெல்லோ, வெட்டின வயித்துக்குள்ள நார் மாதிரி ஒட்டுப்பிடிக்கும். அதில குடல் மாட்டியிருக்கும் எண்டு நினைக்கிறன். பீஸைப் பாருங்கோ, பழைய படத்தில எங்கை இருந்ததோ அங்கையேதான் இருக்கு. அது ஒண்டும் செய்யேல்லை."

மூக்கால் குழாய் விட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள், வாயால் ஒன்றும் கொடுக்கவேண்டாம் என்றார்கள். பலபேருக்கு இப்படியே விட்டு அடைப்பு விலகிவிடுமாம். குழாய் வழியாக நிறைய வந்தது. அக்காவுக்குக் கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. "நல்ல காலம், மூக்கால சோறு தீத்தேல்லை" என்றாள்.

மத்தியானத்துக்கு முன்பே நோ மாறியது. வந்து வந்து போனது இப்போது விடாமல் ஒரே பிடியாக நின்றது. காய்ச்சல் தொடங்கியது. சத்திரசிகிச்சை வைத்தியர் வந்து வயிற்றில் கை வைத்தவுடன் அக்கா அலறினாள். அவர் கையை எடுத்துவிட்டு, இனிக் காத்திருக்க முடியாது, திறந்துதான் பார்க்கவேண்டும் என்றார்.

அக்கா மாட்டேன் என்றாள்.

"கால் போயிடும், டொக்டர். நான் தனிய இருக்கிறவ. காலில்லாம வயலுக்குள்ள எப்பிடி இறங்கிறது?"

கால் போகாது, பீஸைத் தொடமாட்டோம் என்று அவர் சொன்னார். நேர்ஸ் மிஸியும் சொன்னார். நானும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "உப்பிடித்தான் சொல்லுவினம். வெட்டினாப் பிறகு, கண்டனாங்கள் எடுத்திட்டம் எண்டுவினம்." கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள், "பிள்ளையையும் எடுத்துக்கொண்டு போச்சினம், எங்கை தாட்டதெண்டே தெரியாது. இது ஒண்டுதான் அண்டைக்கு என்னோட நிண்டது."

அவள் காலுக்காக மட்டும் மறுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் போய் அந்தப் பெண் வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் இரண்டு படங்களையும் கொண்டுவந்து, கட்டிலுக்குப் பக்கத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிளாஸ்டர் ஒட்டியபடியே இருந்தது.

"அம்மா, எங்களுக்கு வேலை இந்தக் குடலோட மட்டும்தான். இந்தப் பிளாஸ்டர் ஒட்டின இடத்துக்கு ஒருத்தரும் போகமாட்டினம். வெட்டப்போற டொக்டருக்கும் நான் காட்டிப்போட்டன்."

அக்கா நெடுநேரம் படத்தைப் பார்த்தாள். தன் வயிற்றை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவள் போல.

"தொடமாட்டியளே?"

"தொடமாட்டம்."

"சத்தியமா?"

"சத்தியமா, அம்மா."

அவள் கையெழுத்து வைத்தாள். தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது என்னிடம், "வாய்க்காலைக் கட்டினியோ?" என்று கேட்டாள். கட்டவில்லை. கட்டினேன் என்றேன்.

பழைய தையலிலிருந்து கிளம்பிய நார் ஒன்று குடலைச் சுற்றி இறுக்கியிருந்ததாம். இறுகிய இடம் கறுத்து அழுகிப்போயிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பொருத்தினார்கள். முன்னமே வந்திருந்தால் நாரை அறுத்துவிட்டதோடு முடிந்திருக்கும் என்று சத்திரசிகிச்சை வைத்தியர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குத்தான் சொன்னார். விஷம் உடம்பெல்லாம் பரவியிருந்தது. அக்கா கண் திறந்தாள், என்னை அடையாளம் கண்டாள், கால் பெருவிரலை ஆட்டிக் காட்டினாள். கால் இருக்கிறது என்று சொல்கிறாளென்று விளங்கியது. அந்தக் கிழமை முடிவதற்குள் போய்விட்டாள். அந்தப் பெண் வைத்தியர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

கொள்ளி வைத்தது நான்தான். மறுநாள் காடாத்துக்கு, எலும்பு பொறுக்கும்போது, இடுப்புப் பக்கத்துச் சாம்பலுக்குள் அது கிடந்தது. கறுத்த சின்ன இரும்பு. பக்கத்தில் நின்ற ஒன்றுவிட்ட சித்தப்பா அதைக் கண்டார்.

"சனியனைத் தூக்கி எறியடா. உதுதான் அவளைக் கொண்டுபோனது."

"இது இல்லை, சித்தப்பா."

"பின்ன என்னடா?"

உள்ளுக்குள் ஒரு நார் என்றேன். படத்திலும் தெரியாது, சாம்பலிலும் மிஞ்சாது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கண்ணுக்கு முன்னால் இரும்பு கிடக்கும்போது, பள்ளிக்கூடம் முடிக்காத ஒருவன் சொல்லும் நாரை யார் நம்புவது? சுற்றி நின்றவர்களும் பீஸைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எறியவில்லை. பால் தெளித்து, எலும்போடு சேர்த்து மண்முட்டிக்குள் போட்டேன். தொடமாட்டோம் என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். கடலில் முட்டியைக் கவிழ்க்கிறவரைக்கும் அது அவளோடுதான் இருந்தது.