ஆடிய கை

வலது கையை நீட்டி, முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே ஃப்ளோரா சைக்கிளை வலப்பக்கம் திருப்பினாள். பின்னால் வந்த டிரெய்லர் லாரி வேகத்தைக் குறைக்கவில்லை. ஹாரன் அடித்தபடி அவளைத் தாண்ட வலப்பக்கமாகவே ஏறி வந்தது. கடைசி நொடியில் இடப்பக்கம் ஒடித்து ஓரத்து மணலில் விழுந்தாள். கண்டெய்னர் முழுநீளமும் கடந்து போய் நின்றது.

இறங்கி ஓடிவந்தவன் சுஃபியான். எர்ணாவூர்ப் பக்கம் கண்டெய்னர் யார்டில் ஃப்ளோரா கேட் காவல். அவன் அங்கே தினமும் வண்டி ஓட்டிவருபவன்.

"இன்னாக்கா, நீயே 'போ'ன்ட்டு நீயே குறுக்க வர்ற?"

"நா எங்கடா 'போ'ன்னேன்? ரைட்ல திரும்பறேன்னுதான் கை காட்னேன்."

அவன் தன் கையை நீட்டி அவளைப் போலவே ஆட்டிக்காட்டினான். "இது இன்னா கை? கேட்டாண்ட தெனம் நீ எனுக்கு காட்ற கைதான?"

கேட்டில் ஆடும் கை 'போ'. நிலைத்த கை 'நில்'. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் பஸ் கிடைக்காததால்தான், மகள் டோரதிக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிளைப் போன மாதம் ஓட்டக் கற்றாள். கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி ஆடாமல் வைக்கவேண்டும் என்று டோரதி சொன்னதுதான். ஆட்டாத கை யார் கண்ணில் படும் என்று அவளுக்குத் தோன்றியது. ரோட்டில் ஆடும் கைக்கும் தாண்டிப் போ என்றே பொருள் என்பது தெரியாது.

சைக்கிளின் பின்னால் சிவப்பு லைட் எரிந்ததால்தான் தூரத்திலேயே அவளைப் பார்த்து, கொஞ்சம் இடம்விட்டு வந்ததாகச் சுஃபியான் சொன்னான். இருட்டும் நேரத்தில் அது இல்லாமல் போயிருந்தால் என்பதை முடிக்காமல் விட்டான்.

வீட்டில் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்த டோரதி சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டாள். வேலையை விட்டுவிடு என்றாள். வேலை போனால் அவள் காலேஜும் போகும் என்பதை இருவருமே பேசவில்லை.

ஃப்ளோரா கூடத்தில் நின்று வலது கையை நீட்டினாள். கை தானாக ஆடியது. மடக்கி, மறுபடி நீட்டினாள். இத்தனை வருடம் லாரிகளை உள்ளே அழைத்த கை, சும்மா இருக்கச் சொன்னால் வலித்தது. அதைப் பார்த்த டோரதி சாவியை மேசைமேல் வைத்தாள்.

"திரும்பிப் பாத்துட்டு அப்பறம் நீட்டு. கை நீட்டிட்டா வண்டிக்காரன் நிப்பான்னு மட்டும் நெனைக்காத."

மறுநாள் ஃப்ளோரா சைக்கிளில் வேலைக்குப் போனாள். பகலெல்லாம் கேட்டில் கையை ஆட்டினாள். மாலை முன்னால் வெள்ளை லைட்டும் பின்னால் சிவப்பு லைட்டும் போட்டுக் கிளம்பினாள். திருப்பத்துக்கு முன்பே வலத்தோள் வழியாகத் திரும்பிப் பார்த்து, கையை நீட்டி, ஆடாமல் வைத்தாள். பின்னால் வந்த லாரி வேகத்தைக் குறைக்கவில்லை. கையை எடுத்து ஹேண்டிலைப் பிடித்து, இடது ஓரமாகவே போய் இறங்கினாள். வரிசையாக வந்த லாரிகள் போய் முடிந்தபின், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.