வார் இருந்த இடம்

கண்டிக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. தோளில் ஒன்று, முதுகில் ஒன்று என்று எதையாவது மாட்டிக்கொண்டுதான் வருவார்கள். குளக்கட்டில் நின்று படம் எடுக்கும்போதும் கழற்றமாட்டார்கள். கீழே வைத்தால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். பிறகு ஒருநாள் அந்தப் படத்தையே கொண்டுவந்து, "இந்த பேக்க மட்டும் எடுத்துடுங்க" என்பார்கள். அதற்கென்றே பிறந்தவன் மாதிரி நபீலின் படக்கடையில் ஒருவன் இருந்தான். பெயர் கிளறன்ஸ். கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கடை கூட்டித் துடைக்க வந்து, ஆளில்லாத நாளொன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன், பிறகு எழும்பவே இல்லை.

பையை அழிப்பது பெரிய வித்தையில்லை என்பான். பக்கத்துத் துணியை எடுத்து மேலே பூசினால் வார் மறைந்துவிடும். ஆனால் வார் போனாலும் அது இழுத்த இழுப்பு போகாது. தோளில் பள்ளம் இருக்கும். வாரின் கீழோரத்தில் மெல்லிய நிழல் கிடக்கும். இரண்டு பக்கத்துச் சுருக்கங்களும், எதுவுமே இல்லாத ஒரு கோட்டை நோக்கி ஓடி நிற்கும். அரைகுறைக்காரன் பையைக் கழற்றிய படத்தைப் பார்க்கிற எவனும், "இங்க ஏதோ இருந்திருக்கு" என்று சொல்லிவிடுவான். கிளறன்ஸ் அந்தச் சுருக்கங்களையும் எடுத்துவிடுவான். இழுக்க ஆளில்லாவிட்டால் துணி எங்கிருந்து தொங்கும், அக்குளிலிருந்து எப்படி விழும், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து, மடிப்புக்கு மடிப்பு ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டும் வைத்துப் புதிதாகக் கட்டுவான். கடைசியில் படத்தின் மற்ற இடத்திலுள்ள புள்ளிப் பொரிபொரிப்பை அதன்மேலும் தூவுவான். இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் மெழுகு மாதிரி வழவழக்கும்.

அவனிடம் வருகிற படங்களில் பாதி செத்தவர்களுடையவை. உயிரோடிருக்கும்போது ஒழுங்காக ஒரு படம் எடுத்துக்கொள்ள நம் சனத்துக்கு எங்கே நேரம்? செத்தபின்தான் பயணத்தில் எடுத்த படத்தைத் தேடுவார்கள். ஆகவே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அவன் விசாரிப்பதை விட்டுவிட்டான். வருகிற முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது அவன் நினைப்பு.

பாலம்மாவின் முகத்தைப் பார்த்தும் அப்படித்தான் நினைத்தான். கலகெதரப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். அவளுடைய போனில் மகள் சர்மிளா நீலச் சல்வாரும் வெள்ளை ஷோலுமாகக் குட்ஷெட் பஸ் நிலையத்தில் நின்று சிரித்தாள். கண்டியில் துணிக்கடையில் வேலை செய்த பிள்ளை. பையின் வார் மார்பைக் குறுக்கே வெட்டிப்போக, வலக்கை அதை இறுக்கிப் பிடித்திருந்தது.

"வாருக்கு அடியில சட்ட எப்பிடி இருக்கும், அக்கா?" என்று கேட்டான். தெரியாததை இட்டுக்கட்டுவது அவனுக்குப் பிடிக்காது.

"கழுத்துலருந்து ஒரு பட்டி வரும் தம்பி. அதுல பொத்தான். கடைசிப் பொத்தான் மட்டும் வெள்ளை. பழசு விழுந்துருச்சு, நான்தான் வேற தச்சேன்."

கிளறன்ஸ் பட்டியை வரைந்தான். வெள்ளைப் பொத்தானையும் வைத்தான். வார் போனதும் சர்மிளாவின் கை காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது, பார்க்கச் சகிக்கவில்லை. ஷோலின் ஓரத்தைக் கொஞ்சம் இழுத்து அந்த விரல்களுக்குள் கொடுத்தான். பிள்ளை ஷோலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதுபோல் அழகாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வழக்கப்படி பின்னால் மேகம் போட்டு, கீழே ஒரு விளக்கையும் வைத்துத் திருப்பிக் காட்டினான்.

பாலம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வெளக்கு எதுக்கு தம்பி?"



அவளே சொன்னாள். மகள் காணாமல்போன அன்று சாயங்காலம் கூட வேலை செய்கிற பிள்ளை எடுத்த படம் அது. மகள் பஸ்ஸை விட்டு இறங்கி, மழையில் மேட்டுப்பாதையால் வீட்டுக்கு வருகிற நேரம்தான் மலை சரிந்தது. ராணுவத்திலிருந்து ஆமிக்காரர்கள் வந்து தோண்டினார்கள். பை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அதனால் காணவில்லை என்று நோட்டீஸ் ஒட்டப்போகிறாள்.

"பேக்கு பொலிஸ்ல இருக்கு. அப்ப அவகிட்ட பேக்கு இல்லதானே? பேக்கோட படத்தப் போட்டா, பாக்கிறவங்க பேக்கு போட்ட பிள்ளையத்தானே தேடுவாங்க."

கிளறன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு விளக்கை அழித்தான். மேகத்தையும் அழித்துப் பஸ் நிலையத்தைத் திருப்பி வைத்தான். அவன் தொழிலில் பட்ட வெட்கங்களில் இதுபோல ஒன்றில்லை. அவள் சொன்ன நியாயத்தில் ஓட்டை எதுவும் அவனுக்குத் தெரியவில்லை, அதுதான் அவனை வதைத்தது.

நோட்டீஸ் பஸ் நிலையத்திலும் கலகெதரச் சந்தியிலும் ஒட்டப்பட்டது. கம்பளைக்குப் போகிற பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் தன் கையால் கட்டிய மடிப்புகளைப் பார்த்துக்கொண்டு போனான். யாரும் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை.

சில நாள் கழித்துப் பாலம்மா மறுபடியும் வந்தாள். ஓடைக்கரையில் ஷோல் கிடைத்துவிட்டதாம். அதையும் எடுத்துவிட வேண்டும்.

எடுத்தான். ஷோலுக்குக் கீழே இருந்த இரண்டு தோளையும் கழுத்து வளைவையும் கட்டவேண்டியிருந்தது. சர்மிளாவின் கை மறுபடி காற்றைப் பிடித்தது. இந்த முறை அதற்குக் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. கூட வேலை செய்த அந்தப் பிள்ளையிடம் சர்மிளாவின் வேறு படம் வாங்கி, அதிலிருந்து கையை எடுத்துப் பக்கவாட்டில் தொங்கவிட்டான். அந்தக் கை இழுத்த மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவினான். பாலம்மா பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, தேநீர் கொடுத்தும் குடிக்காமல், திரையையே பார்த்திருந்தாள்.

அவள் போனபின் நபீல் உள்ளே வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர்.

"கிளறன்ஸ், நீங்க செய்யிறது புண்ணியமில்ல. அந்தப் பொம்பளைக்கு யாராவது சொல்லோணும். வீட்டுல அழவும் விடாம வச்சிருக்கிறீங்க."

"நான் எப்பிடி மொதலாளி சொல்றது?"

"நீங்கதான் சொல்லோணும். வேற யார்ட பேச்ச அவ கேக்கிறா?"

கிளறன்ஸ் இரவெல்லாம் யோசித்தான். நபீல் சொன்னது சரிதான். அடுத்தமுறை வந்தால் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தான். வார்த்தைகளைக்கூடச் சேர்த்து வைத்தான். அக்கா, பூசை ஒண்ணு செஞ்சிருங்க. பிள்ளைக்கு ஒரு வெளக்கு ஏத்துங்க. நானே நல்ல படம் ஒண்ணு செஞ்சு தாறேன். பஸ்ஸிலும் ரயிலிலும் அதையே மனப்பாடம் செய்துகொண்டு திரிந்தான். ஆண்டவரே, அவள் வராமலே இருந்துவிடட்டும் என்றும் வேண்டிக்கொண்டான்.

வந்தாள். கடையில் கூட்டமில்லை. நபீல் கல்லாவிலிருந்து கிளறன்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாலம்மா கதிரையில் உட்கார்ந்தாள். செருப்பெல்லாம் செம்மண்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்று தொடங்கினான்.

"சட்டையும் கெடச்சிருச்சு தம்பி."



"மண்ண வெட்டி எடுக்கிறப்ப வந்துச்சாம். நான்தான் போய்ப் பாத்து அவளோடதுதான்னு சொன்னேன். சட்டக் கையி ரெண்டும் கிழிஞ்சு போயிருந்துச்சு. சட்ட மட்டுந்தான். அவ இல்ல." போனை எடுத்து அவன் மேசைமேல் வைத்தாள். "அப்ப யாரோ அவளுக்கு வேற உடுப்பு குடுத்திருக்காங்க. ஆசுபத்திரியிலயோ, கேம்புலயோ. நீல சட்டையோட ஒட்டி வச்சா யாருக்கு அடையாளம் தெரியும்? மாத்திக் குடுங்க தம்பி."

கிளறன்ஸ் திரும்பி நபீலைப் பார்த்தான். நபீல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஒரு உதவியும் வராது என்று தெரிந்தது.

கடவுச்சீட்டுப் படம் எடுக்கிறவர்களுக்குப் போட்டுவிடுவதற்காக அவன் கம்ப்யூட்டரில் சட்டைகள் நிறைய வைத்திருந்தான். அந்தக் கோப்பைத் திறந்தான். சர்மிளாவின் முகத்தைக் கழுத்தோடு வெட்டித் தனியே எடுத்தான்.

"என்ன கலர்ல போடட்டும், அக்கா?" என்று கேட்டான்.